‘இப்போது வரவில்லை’ என்று எப்படி எழுதுவது?

கேள்வி: மென்பொருள் சோதனையில் ஆறு வருட அனுபவம் உள்ளவள் நான். இரண்டு இடங்களிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. ஒன்றில் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும். மற்றொன்றில் நானே உட்கார்ந்து செய்யும் ஆட்டோமேஷன் வேலை. இரண்டாவதுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் முதல் நிறுவனத்தின் துறைத் தலைவர் எனக்காக ரொம்பவே மெனக்கெட்டார். இரண்டு மூன்று வருடம் கழித்து அவரிடம் வேலை பார்க்க நிஜமாகவே ஆசை இருக்கிறது. அங்கே என்னைச் சிபாரிசு செய்தவர் என் பழைய சீனியர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கும் மறுப்புக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். இதை அப்படியே அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அப்படியே அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ‘மன்னிக்கவும்’ நான்கு இடத்தில் வருகிறது, காரணங்கள் மூன்று வருகின்றன, நீங்கள் வரப்போவதில்லை என்கிற செய்தியோ ஏழாவது வரியில்தான் வருகிறது. கடைசி வரியைப் படித்தால் நீங்கள் மறுக்கிறீர்களா, இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்க நினைக்கிறீர்களா என்றே சந்தேகம் வருகிறது. ஒவ்வொன்றாகச் சரி செய்வோம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரண்டாவது நிறுவனத்தின் ஆஃபர் எழுத்தில் வந்து, நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பி, அது அவர்களுக்குக் கிடைத்ததா? ‘ஆஃபர் வந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். போனில் சொன்ன ஆஃபரை நம்பி இன்னொன்றை மறுத்துவிட்டு, பிறகு அந்தப் பணியிடமே நிறுத்தி வைக்கப்பட்டதென்று அறிந்தவர்கள் உண்டு. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே ஆஃபர் செல்லும் என்று அதில் எழுதியிருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இது உறுதியானதும் அன்றைக்கே மறுப்பைச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

ஏன் என்றால், உங்களோடு இறுதிச் சுற்று வரை வந்த இன்னொருவர் அநேகமாக இருப்பார். அவருக்கு ‘இல்லை’ என்று இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘முடிவு ஓரிரு நாளில் தெரியும்’ என்று இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் கையிலும் வேறொரு ஆஃபர் இருக்கலாம், அதற்கும் ஒரு கெடு இருக்கலாம். நீங்கள் புதன்கிழமை சொன்னால் துறைத் தலைவர் அவரைப் பிடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அவரும் கைவிட்டுப் போயிருப்பார், தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் எடுக்கும் வேலையில் இத்தனை காலம் இருந்து பார்த்ததில் சொல்கிறேன்: வர மறுத்தவர் மேல் யாரும் மனத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. கடைசி நாள் வரை காக்க வைத்து மறுத்தவரின் பெயர்தான் நினைவில் நிற்கும்.

இனி, இந்தக் கடிதத்தை யார் யார் படிப்பார்கள் என்று பார்த்துவிடலாம். துறைத் தலைவர் ஒருவரை மனத்தில் வைத்தே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நடப்பது வேறு. ஆஃபர் அனுப்பிய ஹெச்.ஆர். அலுவலர் முதலில் படிப்பார். ஆள்சேர்ப்பு மென்பொருளில் உங்கள் பெயருக்கு நேரே ‘மறுத்தார்’ என்று மாற்றுவார். அப்போது பெரும்பாலும் காரணம் கேட்டு ஒரு பட்டியல் திறக்கும்: சம்பளம், வேலையின் தன்மை, வேறு ஆஃபர், சொந்தக் காரணம் என்று. உங்கள் கடிதத்தைப் பார்த்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சில இடங்களில் மெயிலின் இரண்டு மூன்று வரிகளைக் குறிப்பாக ஒட்டியும் வைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்த அலுவலர் அங்கே இல்லாமல் போகலாம். துறைத் தலைவரே வேறு இடம் போயிருக்கலாம். புதிதாக வந்தவர் கண்ணில் படுவது அந்தக் குறிப்புதான். அதில் ‘சம்பளம் போதாது என்றார்’ என்று இருப்பதற்கும், ‘தற்போது தலைமைப் பொறுப்பு வேண்டாம், நேரடித் தொழில்நுட்ப வேலையை விரும்புகிறார்’ என்று இருப்பதற்கும் எத்தனை தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று காரணங்களுக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது: “மற்றொரு நிறுவனம் சற்றுக் கூடுதல் சம்பளம் தருகிறது, தங்கள் நிறுவனத்தின் தகுதிகாண் காலம் நீளமாக இருக்கிறது, மேலும் எனக்குத் தலைமைப் பொறுப்பில் இன்னும் தயக்கம் இருக்கிறது.”

சம்பளத்தை எடுத்துவிடுங்கள். அது பொய் என்பதால் சொல்லவில்லை. சம்பளம் என்று எழுதிய நிமிடம் அது பேரமாகிவிடும். துறைத் தலைவருக்கு உங்கள் மேல் நிஜமாகவே விருப்பம் இருப்பதால், நிதித் துறையிடம் போய்ப் பேசி, அதே தொகையை வாங்கிக்கொண்டு மறுநாள் போன் செய்வார். அப்போதும் நீங்கள் ‘இல்லை’ என்றால், ‘இதற்கா இவ்வளவு ஓடினோம்’ என்று அவருக்குத் தோன்றும். சம்பளம் ஒத்துவந்தால் போய்விடுவேன் என்கிறவர் மட்டுமே அதைச் சொல்ல வேண்டும், அதையும் மறுப்புக் கடிதத்தில் இல்லாமல் அதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும். உங்கள் முடிவு அதனால் மாறாது என்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது.

தகுதிகாண் காலம் பற்றிய வரியும் வேண்டாம். அது நிறுவனத்தின் விதி. துறைத் தலைவரால் மாற்ற முடியாத ஒன்று. மாற்ற முடியாததைக் காரணமாகச் சொன்னால் அது குறை சொல்வதாக மட்டுமே காதில் விழும். போதாததற்கு, நாளைக்கு நீங்கள் திரும்பிப் போகும்போதும் அதே விதி அங்கே இருக்கும். ‘அன்றைக்குப் பிடிக்காதது இன்றைக்கு எப்படிப் பிடித்தது?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவதுதான் உங்கள் உண்மையான காரணம். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லும் விதத்தை மாற்றுங்கள். ‘தலைமைப் பொறுப்பில் தயக்கம்’ என்றால் படிப்பவர் அதை உங்கள் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்வார். அந்தக் குறிப்பு அங்கேயே தங்கும். நாளைக்கு அதே மாதிரிப் பொறுப்புக்கு உங்கள் பெயர் வரும்போது அதுதான் முதலில் எதிரே வந்து நிற்கும். உங்களுக்கு இருப்பது தயக்கமும் இல்லையே! இன்னும் சில காலம் உங்கள் கையாலேயே வேலை செய்து அதில் ஆழம் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். அதை அப்படியே எழுதலாம்: “அடுத்த சில வருடங்கள் ஆட்டோமேஷன் வேலையை நேரடியாகச் செய்து, அதில் முழுப் பிடிப்பு வந்த பிறகே ஒரு குழுவை வழிநடத்த விரும்புகிறேன்.”

இந்த வரியில் நிறுவனத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. பேரம் பேசவும் இடம் இல்லை, ஏனென்றால் அந்தப் பணியிடமே குழுத் தலைவர் பணியிடம். எல்லாவற்றையும் விட, காலம் போகப் போகத் தானாக மாறிவிடும் காரணம் இது. இரண்டு வருடம் கழித்து நீங்கள் திரும்பி வந்தால் ‘சொன்னபடியே செய்துவிட்டு வந்திருக்கிறாள்’ என்றுதான் தோன்றும். மறுக்கும் காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், திரும்பி வருவதற்கான வழியைத் தனியாகக் கட்ட வேண்டிய வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

மறுபாதிதான் உங்கள் கடைசி வரி. “எதிர்காலத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து என்னைக் கருத்தில் கொள்ளவும், சூழ்நிலை மாறினால் நானே தொடர்பு கொள்கிறேன்” என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கோளாறு. முதல் பாதி எல்லா மறுப்புக் கடிதத்திலும் வருவது, அதனால் யாரும் அதைப் படிப்பதே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பதைக் கண் தாண்டிப் போவது போலத்தான். இரண்டாம் பாதி ஆபத்தானது. ‘சூழ்நிலை மாறினால்’ என்றால் என்ன சூழ்நிலை? அடுத்த வாரமே மாறலாமோ? அந்தப் பணியிடத்தைக் கொஞ்ச நாள் காலியாக வைத்துக்கொள்ளலாமோ? நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை, ஆனால் ஆள் கிடைக்காமல் தவிப்பவர் அப்படித்தான் படிப்பார்.

அந்த வரி நம்பும்படி இருக்க வேண்டுமென்றால், அவரிடமிருந்து மட்டுமே நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும். கடைசிச் சுற்று முடிந்த பிறகு துறைத் தலைவர் உங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் கையால் செய்யும் சோதனைகளைப் படிப்படியாக ஆட்டோமேஷனுக்கு மாற்றும் திட்டத்தை விளக்கினார் என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தில் இருக்கும் தங்கம் அதுதான், அதைப் புதைத்து வைத்திருக்கிறீர்கள். அதை வெளியே எடுத்து, எந்த மாதிரி வேலை என்றால் வருவீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். தேதி மட்டும் குறிப்பிட வேண்டாம். ‘இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன்’ என்பது நீங்கள் காப்பாற்ற முடியாத வாக்கு. புதிய நிறுவனத்தில் யார் கண்ணிலாவது பட்டால் சேருவதற்கு முன்பே கிளம்பத் திட்டமிடுகிறவள் என்ற பெயரும் வரும். மெயில்கள் எங்கெங்கோ போகும். அந்த நிறுவனத்தின் பெயரையும் எங்கும் எழுதாதீர்கள். கேட்டால் ‘சேர்ந்த பிறகு சொல்கிறேன்’ என்றால் போதும்.

எல்லாம் சேர்த்துத் திருத்திய கடிதம் இது. எந்த மொழியில் அனுப்பினாலும் வரிசை இதேதான். ஆஃபர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக, ஹெச்.ஆர். அலுவலருக்கு எழுதி, துறைத் தலைவருக்கு நகல் வையுங்கள்.

> பொருள்: சோதனைக் குழுத் தலைவர் பணி – ஆஃபரை ஏற்கவில்லை
>
> அன்புள்ள மேடம்,
>
> சோதனைக் குழுத் தலைவர் பணிக்கான ஆஃபருக்கு நன்றி. யோசித்து முடிவு செய்ததில், இந்தப் பணியை நான் ஏற்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> அடுத்த சில வருடங்கள் ஆட்டோமேஷன் வேலையை நேரடியாகச் செய்து, அதில் முழுப் பிடிப்பு வந்த பிறகே ஒரு குழுவை வழிநடத்த விரும்புகிறேன். அதற்கு ஏற்ற வேறொரு பணியில் சேர ஒப்புக்கொண்டிருக்கிறேன்.
>
> கடைசிச் சுற்றுக்குப் பிறகு துறைத் தலைவர் நேரம் ஒதுக்கி, வெளியீட்டுக்கு முந்தைய சோதனைகளை ஆட்டோமேஷனுக்கு மாற்றும் திட்டத்தை விளக்கினார். அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிற்காலத்தில் அந்தத் திட்டத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு எதற்காவது ஆள் தேவைப்பட்டால் என்னிடம் தெரிவியுங்கள், மகிழ்ச்சியோடு பேசுவேன்.
>
> என் சார்பில் தொடங்கிய பின்னணிச் சரிபார்ப்பு ஏதேனும் இருந்தால் நிறுத்திவிடலாம். இந்தச் சில வாரங்களில் ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் தந்து உதவியதற்கு உங்களுக்கும் நன்றி.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண், சொந்த மின்னஞ்சல்)

முடிவு தலைப்பிலேயே தெரிகிறது, முதல் பத்தியில் உறுதியாகிறது. ‘ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்’ என்று எழுதாமல் ‘ஏற்கவில்லை’ என்று எழுதியதைக் கவனியுங்கள். ‘இயலாத நிலை’ என்றால், அந்த நிலையை மாற்ற என்ன செய்யலாம் என்று அடுத்த போன் வரும். ‘மன்னிக்கவும்’ ஒரு இடத்திலும் இல்லை, இருக்கவும் வேண்டாம். நீங்கள் ஒப்புக்கொண்டு பின்வாங்கவில்லை. கேட்டார்கள், யோசித்துப் பதில் சொல்கிறீர்கள். (ஏற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டவர் கதை வேறு. அவர் மன்னிப்பும் கேட்க வேண்டும், போட்ட ஒப்பந்தத்தில் பின்வாங்குவது பற்றி என்ன இருக்கிறது என்றும் முதலில் படித்துக்கொள்ள வேண்டும்.) சொந்த மின்னஞ்சலைப் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அலுவலக முகவரி வேலை மாறும்போது செத்துப்போகும்.

ஆனால் இந்த மெயில் போவதற்கு முன்னால் இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் சீனியர். அவர் தன் பெயரை வைத்து உங்களைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வரவில்லை என்பதை அவர் அலுவலகத்தில் வேறு யார் வாயிலாகவோ கேட்கக் கூடாது. மெயில் அனுப்பும் அன்று காலையிலேயே அவருக்குப் போன் செய்து, “அண்ணா, யோசிச்சுப் பார்த்தேன், நான் போகலை. காரணம் இதுதான். மேடம்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். உங்களுக்கு முதல்ல தெரியணும்னு கூப்பிட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தில் எழுதும் அதே காரணத்தையே அவரிடமும் சொல்லுங்கள். நெருங்கியவர்தானே என்று சம்பளக் கதையை அவரிடம் தனியாகச் சொன்னால் இரண்டு காரணம் ஆகிவிடும். அவரும் துறைத் தலைவரும் ஒரே இடத்தில்தான் டீ குடிக்கிறார்கள்.

அடுத்தது துறைத் தலைவர். அவருக்கு முதலில் மெயில் போகக் கூடாது, உங்கள் குரல் போக வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு போதும். “மேடம், உங்ககிட்ட நேரடியாச் சொல்லணும்னு நினைச்சேன். இந்தப் பணியை நான் எடுத்துக்கலை.” இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நலம் விசாரித்து, நன்றி சொல்லி, சுற்றி வளைத்து வந்தால் அவர் சேரும் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், உங்களுக்கு வாய் திறக்கவே கஷ்டமாகிவிடும். போன் எடுக்கவில்லை என்றால் ஒரு குறுஞ்செய்தியில் “இரண்டு நிமிடம் பேச முடியுமா?” என்று கேட்டு, அரை நாள் பார்த்துவிட்டு மெயிலை அனுப்பிவிடுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் முன்னால் சொன்ன தாமதம் வந்துவிடும்.

பேச்சில் அவர் கட்டாயம் கேட்கப் போவது, “என்ன செஞ்சா வருவீங்க?” என்பது. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். மரியாதைக்காக “யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்பார்கள். அது மரியாதை ஆகாது, இன்னும் ஒரு வாரம் அவரை அலைய விடுவதுதான். “இப்போதைக்கு எதுவும் மாத்தாது மேடம். நான் கொஞ்ச காலம் கையால வேலை செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன். நீங்க சொன்ன ஆட்டோமேஷன் திட்டம் பெருசாகும்போது பேசலாம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவரும் விடாமல், குழுவே இல்லாத நேரடித் தொழில்நுட்பப் பணியாகவே மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம். அது புதிய ஆஃபர். ஆனால் நீங்கள் அதற்குள் இன்னொரு இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்த நிலையில் அதை ஏற்றால் இரண்டாவது நிறுவனத்திடம் பெயர் கெடும், கெட்டது முதலாமவருக்கும் தெரியும். ஒப்புக்கொண்ட வார்த்தையைக் காப்பாற்றுகிறவள் என்பதை அவர் நேரிலேயே பார்ப்பது, பின்னாளில் உங்களை வேலைக்கு எடுக்க அவருக்கு நல்ல காரணம்.

மெயிலுக்கு வரும் பதிலை வைத்துக் கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். ஹெச்.ஆரிடமிருந்து இரண்டு வரி அச்சுப் பதில் மட்டும் வந்தால் அதில் எதுவும் படிக்காதீர்கள், எல்லோருக்கும் அதுதான் போகும். ‘உங்கள் எதிர்பார்ப்பு என்ன?’ என்று வந்தால் உங்கள் கடிதம் எங்கோ பேரமாகத் தொனித்திருக்கிறது. ‘முடிவு இறுதியானது, நன்றி’ என்று ஒரே வரியில் தெளிவுபடுத்திவிடுங்கள். துறைத் தலைவர் தனியாக, தன் கைப்பட ஒரு வரி எழுதினால் மகிழலாம். அதற்கு ஒரு சின்னப் பதில் போதும், மறுபடி விளக்கம் எழுத உட்காராதீர்கள். ஒன்றுமே வரவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். அவர் அடுத்த ஆளைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்.

அதன் பிறகு கொஞ்ச காலம் சும்மா இருங்கள். அடுத்த மாதமே ‘எப்படி இருக்கிறீர்கள் மேடம்’ என்று அனுப்பினால் புது வேலை பிடிக்கவில்லையோ என்று நினைப்பார். ஆறேழு மாதம் போய், சொல்வதற்கு ஏதாவது சேர்ந்த பிறகு எழுதுங்கள். அவர் விளக்கிய மாதிரியான மாற்றத்தை நீங்களும் செய்து பார்த்து, எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று கண்டிருப்பீர்கள் அல்லவா? உங்கள் நிறுவனத்தின் உள் விவரம் எதுவும் இல்லாமல் அதை மூன்று வரியில் சொல்லி, அவர்கள் பக்கம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வேலை கேட்காதீர்கள். அவர் நிறுவனம் மாறியிருந்தாலும் இந்த மெயில் போய்ச் சேர வேண்டும், அதனால் இன்றைய போன் பேச்சின் முடிவில் அவருடைய சொந்த எண்ணையோ, தொழில்முறைத் தளத்தில் இருக்கும் அவர் பக்கத்தையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.